ஹீட் பம்ப்பின் வெளி யூனிட்டில் பனி பிடிப்பது ஏன்? டிஃப்ராஸ்ட் எப்படி நடக்கிறது? ஒரு சுற்றைக் கூடவே நின்று பார்ப்போம்

குளிர்காலம் தொடங்கிய முதல் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, வெளி யூனிட்லேருந்து புகை வருது. ஃபேன் நின்னுபோச்சு. உள்ள ஏதோ புஸ்ஸுன்னு சத்தம். பயந்துபோய் மெயினை ஆஃப் பண்ணிட்டேன்."

"எப்ப ஆஃப் பண்ணீங்க?"

"இப்பதான், ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"சரி, திரும்ப ஆன் பண்ணுங்க. அது புகை இல்ல, நீராவி. மெஷின் தன் மேல இருக்கிற பனியைத் தானே உருக்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்க நடுவுல நிறுத்திட்டீங்க."

மெஷின் இப்படித் தன் பனியை உருக்கிக்கொள்வதற்குத்தான் டிஃப்ராஸ்ட் என்று பெயர். அதை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்றால், பாதி உருகிய பனி அங்கேயே தண்ணீராக நின்று, குளிரில் கெட்டியான கட்டியாக மாறிவிடும். பூப்போல இருந்த வெள்ளைப் பனியை உருக்குவது எளிது. தண்ணீர் உறைந்து கண்ணாடி போல ஆன கட்டியை உருக்குவது கடினம். இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுற்றித்தான் போகும்.

வெளியில் 2 டிகிரி, காயிலில் மைனஸ் 6

ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்கும்போது, வெளிக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவருகிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். ஆகவே 2 டிகிரிக் காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்க வேண்டுமானால், வெளி யூனிட்டில் வளைந்து வளைந்து ஓடும் குழாய்த் தொகுதியான காயில் அந்த 2 டிகிரியைவிடக் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். அதன் உள்ளே ஓடி வெப்பத்தைச் சுமந்துபோகும் ரெஃப்ரிஜிரன்ட்டை, அதாவது நாம் கேஸ் என்று சொல்வதை, எக்ஸ்பேன்ஷன் வால்வு அழுத்தம் குறைத்து விடுவதே இதற்காகத்தான். வெளிக்காற்றைவிட 6 முதல் 10 டிகிரி வரை குறைவான வெப்பநிலையில் அது ஆவியாகிக்கொண்டிருக்கும். வெளியில் 2 டிகிரி என்றால் குழாயின் மேல் மைனஸ் 4, மைனஸ் 6 என்று இருப்பது சாதாரணம்.

இப்போது அந்த 2 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் இருக்கிறது. குளிர்ந்த பாட்டிலின் மேல் துளிகள் பூப்பது போல, காற்றின் பனிப்புள்ளியைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். பரப்பு 0 டிகிரிக்கு மேலே இருந்தால் அது தண்ணீராகப் படிந்து வழிந்துவிடும். 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீராவி நேரடியாகவே பனியாகப் படியும். காயில் குழாய்களின் மேல் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்களின் விளிம்பில் மெல்லிய ஊசிகள் போல முளைக்கும் இந்தப் பனியை விரலால் தடவினால் மாவு போல உதிரும்.

ஆக, வெளி யூனிட்டில் பனி பிடிப்பது கோளாறு அல்ல. 5 டிகிரிக்குக் கீழே ஈரமான வானிலையில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் எந்த ஹீட் பம்ப்புக்கும் இது உண்டு. விலை உயர்ந்த மாடலாக இருந்தாலும் இதே கதைதான்.

எந்தக் குளிர் மோசமான குளிர்?

பலர் நினைப்பது, குளிர் கூடக் கூடப் பனியும் கூடும் என்று. உண்மை வேறு. மோசமான பகுதி மைனஸ் 2 முதல் பிளஸ் 5 டிகிரி வரை, அதுவும் மூடுபனியோ தூறலோ இருக்கும் நாட்கள்.

காரணம், காற்று எவ்வளவு ஈரத்தைத் தாங்கும் என்பது. 2 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் சுமார் 5.5 கிராம் நீராவியை வைத்துக்கொள்ள முடியும். மைனஸ் 15-இல் அது ஒன்றரை கிராமுக்கு வந்துவிடும். வறண்ட கடுங்குளிரில் படிவதற்கே ஈரம் இல்லை. 7 டிகிரியில் காற்றில் ஈரம் நிறைய இருந்தாலும், காயில் பெரும்பாலும் 0-ஐ ஒட்டி நிற்பதால் தண்ணீராக வழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், காற்றில் ஈரமும் இருந்து காயில் உறைநிலைக்குக் கீழேயும் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் பனி குவிகிறது.

வீட்டைச் சுடுநீரால் சூடாக்கும் மாடல்களுக்கு உற்பத்தியாளர் தரும் விவரத் தாளில் `A7/W35`, `A2/W35`, `A-7/W35` என்று வரிசையாக இருக்கும். A-க்குப் பக்கத்தில் உள்ளது வெளிக்காற்றின் வெப்பநிலை, W-க்குப் பக்கத்தில் உள்ளது ஹீட் பம்ப் தரும் சுடுநீரின் வெப்பநிலை. A7-இலிருந்து A2-க்கு வரும்போது திறன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சரிவதைப் பல தாள்களில் பார்க்கலாம். அந்த 2 டிகிரிச் சோதனையில் டிஃப்ராஸ்ட்டுக்குப் போகும் நேரமும் வெப்பமும் சேர்த்துக் கணக்கிடப்படுவதுதான் காரணம். யூனிட் வாங்கும் முன் A7 எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல் A2 எண்ணையும் பார்ப்பது நல்லது.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பனி?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும். 8 கிலோவாட் அளவிலான ஒரு யூனிட்டின் ஃபேன் ஒரு மணி நேரத்துக்கு 3,000 கன மீட்டர் காற்றைக் காயில் வழியாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியில் 2 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். உள்ளே போகும் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 5 கிராம் நீராவி. காயிலைத் தாண்டி வெளியே வரும்போது காற்று மைனஸ் 2-க்குக் குளிர்ந்திருக்கும். அந்த நிலையில் அதில் நிற்கக்கூடியது சுமார் 4.1 கிராம். மீதி 0.9 கிராம் காயிலில் ஒட்டிக்கொண்டது.

3,000-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 2,700 கிராம். அதாவது ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீர், பனியாக அந்த ஃபின்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க இப்படி ஓடினால் 60 லிட்டருக்கு மேல். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஃபின்களின் இடைவெளியோ ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் பனி ஏறினாலே பாதை பாதிக்குப் பாதி அடைபட்டுவிடும். காற்று குறைகிறது. காற்று குறைந்தால் காயிலுக்கு வெப்பம் கிடைப்பது குறையும், அதனால் ரெஃப்ரிஜிரன்ட் இன்னும் குறைந்த வெப்பநிலையில் ஆவியாகும், காயில் இன்னும் குளிரும், பனி இன்னும் வேகமாக ஏறும். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் முதுகுப் பக்கம் வெள்ளைச் சுவராக மாறுவது இதனால்தான்.

மெஷின் எப்போது முடிவெடுக்கிறது?

பழைய யூனிட்களில் இது வெறும் கடிகார வேலை. யூனிட்டைக் கட்டுப்படுத்தும் மின்பலகையான போர்டில் 30, 60, 90 நிமிடம் என்று நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் இருக்கும். காயிலில் ஒட்டிய தெர்மோஸ்டாட் "உறைநிலைக்குக் கீழே இருக்கிறேன்" என்று சொல்லி, அந்த நேரமும் ஓடி முடிந்திருந்தால், பனி இருக்கிறதோ இல்லையோ டிஃப்ராஸ்ட் தொடங்கிவிடும். வறண்ட குளிரில் இது வீண் செலவு.

இப்போதைய யூனிட்கள் இரண்டு சென்சார்களை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒன்று வெளிக்காற்றை அளப்பது, மற்றொன்று காயிலை அளப்பது. சுத்தமான காயிலில் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும் என்று போர்டுக்குத் தெரியும். பனி ஏற ஏறக் காயில் வெப்பநிலை கீழே இறங்கி வித்தியாசம் விரிந்துகொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் டிஃப்ராஸ்ட். சில தயாரிப்புகள் ஃபேன் மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதையும், குறைந்த அழுத்தப் பக்கத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. போர்டுக்குக் கண் கிடையாது. அது பனியைப் பார்ப்பதில்லை, இரண்டு சென்சார்கள் சொல்வதை நம்புகிறது. காயில் சென்சாரின் கிளிப் கழன்று அது காற்றில் தொங்கினால், காயில் குளிரவே இல்லை என்று போர்டு நினைக்கும். யூனிட் பனிக்குள் புதைந்தாலும் டிஃப்ராஸ்ட் வராது.

டிஃப்ராஸ்ட்டின் சில நிமிடங்கள்

பெரும்பாலான வீட்டு யூனிட்கள் செய்வது சுழற்சியைத் தலைகீழாகத் திருப்புவது. முதலில், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரின் வேகம் குறையும். வெளி ஃபேன் நிற்கும். அப்புறம் நான்குவழி ரிவர்சிங் வால்வு திரும்பும். அந்த "புஸ்" சத்தம் இதுதான். வால்வுக்குள் இருக்கும் ஸ்லைடு, இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசத்தால் ஒரே தள்ளாக மறுபக்கம் போகிறது. அதுவரை வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்த சூடான கேஸ் இப்போது வெளிக் காயிலுக்குள் பாயும். கொஞ்ச நேரத்துக்கு உங்கள் ஹீட் பம்ப் வீட்டைக் குளிர்விக்கும் ஏசியாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் குழாய்க்குள்ளிருந்து வருவதால், பனி வெளிப்புறத்திலிருந்து உருகாமல் உலோகத்தை ஒட்டிய அடிப்பக்கத்திலிருந்து உருகுகிறது. பிடி விட்டதும் மேலே இருக்கும் பனி சில இடங்களில் துண்டு துண்டாகச் சரிந்து விழும். முழுப் பனியும் தண்ணீராக வேண்டிய அவசியம் இல்லை. ஃபேன் நின்றிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அது ஓடினால் குளிர்ந்த காற்று இந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். நனைந்த வெதுவெதுப்பான காயிலிலிருந்து எழும் நீராவி, குளிர்ந்த காற்றில் பட்டு வெள்ளையாகத் தெரியும். புகை என்று பயந்தது அதைத்தான். வாசம் இல்லாமல், மேலே போய்ச் சில நொடியில் கரைந்துவிட்டால் நீராவி. கருகிய வாசம் வந்தால் மட்டும் மெயினை அணையுங்கள்.

காயிலின் கடைசியில் உருகும் பகுதியில், பெரும்பாலும் கீழே, ஒரு சென்சார் இருக்கும். அது 10 முதல் 20 டிகிரிக்குள் அந்தத் தயாரிப்புக்கு உரிய ஓர் அளவைத் தொட்டதும் டிஃப்ராஸ்ட் முடிந்தது என்று பொருள். தொடாவிட்டாலும் சுமார் 10 நிமிடத்தில் டைமர் நிறுத்திவிடும். இந்த இரண்டு முடிவுகளில் எது நடக்கிறது என்பதுதான் நோய் கண்டுபிடிக்க மிகப் பெரிய தடயம். முடிந்ததும் வால்வு மறுபடி திரும்பும், இன்னொரு "புஸ்". ஃபேன் சுற்றத் தொடங்கும்போது ஃபின்களில் ஒட்டியிருக்கும் துளிகளை ஊதித் தள்ளும். சூடான காற்றை ஊதும் மாடல்களில் வீட்டுக்குள் இருக்கும் ஃபேன், உள் காயில் சூடாகும் வரை ஒரு நிமிடம் காத்திருக்கும். உள்ளே குளிர்ந்த காற்று வராமல் இருக்கத்தான் இந்தத் தாமதம்.

இதற்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு கம்ப்ரசரின் மின்சாரத்திலிருந்து, மீதி வீட்டுக்குள்ளிருந்து. நாம் கணக்கிட்ட 2.7 கிலோ பனியை உருக்க மட்டும் 0.25 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பம் வேண்டும். உலோகத்தைச் சூடாக்குவதும் காற்றில் போவதும் சேர்ந்து நடைமுறையில் அது இரட்டிப்பாகும், சுமார் அரை யூனிட். தரையடிக் குழாய்களிலும் தொட்டியிலுமாக 100 லிட்டர் தண்ணீர் சுற்றும் வீட்டில், இந்த வெப்பம் முழுவதையும் தண்ணீரிலிருந்தே எடுத்தாலும் அதன் வெப்பநிலை 4 டிகிரிதான் இறங்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா அறை வால்வுகளையும் மூடிவிட்டு ஒரே ஓர் அறையை மட்டும் திறந்து வைத்திருந்தால், சுற்றும் தண்ணீர் 20 லிட்டராகச் சுருங்கிவிடும். அப்போது 20 டிகிரி இறங்க வேண்டும். உறைந்துவிடுமோ என்று பயந்து மெஷின் டிஃப்ராஸ்ட்டைப் பாதியில் நிறுத்தும். டிஃப்ராஸ்ட் சரியில்லை என்று வெளியே யூனிட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சரி, இப்போது நீங்களே ஒரு சுற்றைப் பாருங்கள்

யாரையும் கூப்பிடும் முன் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் கடிகாரமும் போனும் போதும். யூனிட்டின் எந்த மூடியையும் திறக்க வேண்டாம்.

முதல் படி, 0 முதல் 4 டிகிரிக்குள் ஈரமான நாளாகத் தேர்ந்தெடுங்கள். மைனஸ் 12-இல் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. யூனிட்டின் பின்பக்கம், அதாவது காற்று உள்ளே போகும் பக்கம் போய் ஒரு படம் எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள்.

இரண்டாவது, பனி எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஏறத்தாழ ஒரே சீராக, வெள்ளையாக, மாவு போல இருந்தால் நல்லது. மற்ற இடம் காய்ந்திருக்க, ஒரே ஒரு பட்டையில் மட்டும் தடியாகப் பனி இருந்தால், கேஸ் குறைவாக இருக்கலாம். குறைந்த கேஸ் காயிலின் தொடக்கத்திலேயே முழுவதும் ஆவியாகிவிடும். அந்த இடம் மட்டும் மிகவும் குளிர்ந்து உறையும், மீதிக் காயில் சும்மா இருக்கும்.

மூன்றாவது, டிஃப்ராஸ்ட் தொடங்கும் நொடியைப் பிடியுங்கள். ஃபேன் நிற்பது, "புஸ்" சத்தம், சில நொடியில் சொட்டத் தொடங்கும் தண்ணீர். ஃபேன் நின்று, சத்தமும் வந்து, மூன்று நிமிடமாகியும் ஒரு சொட்டு இல்லை என்றால் வால்வு முழுதாகத் திரும்பியிருக்காது.

நான்காவது, மறுபடி ஃபேன் சுற்றும் வரை எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். 3 முதல் 7 நிமிடம் என்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முறையும் சரியாக 10 நிமிடம் என்றால், சென்சார் தன் வெப்பநிலையைத் தொடாமலேயே டைமர் வெட்டுகிறது என்று பொருள்.

ஐந்தாவது படிதான் முக்கியம். ஃபேன் சுற்றத் தொடங்கிய உடனே இரண்டாவது படம் எடுங்கள். அப்போது காயில் முழுக்க ஈரமாக, வெறும் உலோகமாகத் தெரிய வேண்டும். டிஃப்ராஸ்ட்டுக்கு முன் எவ்வளவு பனி இருந்தது என்பது முக்கியமல்ல, பின்னால் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் முக்கியம். ஒரு கைப்பிடி மிஞ்சினாலும் அடுத்த சுற்றில் அது இரண்டு கைப்பிடியாகும்.

கடைசியாக, கீழே குனிந்து அடித்தட்டையும் அதன் ஓட்டைகளையும் பாருங்கள். தண்ணீர் வெளியே வருகிறதா, தட்டிலேயே நிற்கிறதா? அடுத்த டிஃப்ராஸ்ட் எத்தனை நிமிடம் கழித்து வருகிறது என்பதையும் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. மோசமான வானிலையில் 40 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை இடைவெளி இருக்கும்.

பத்து நிமிடமும் ஒரு சாண் ஐஸும்

இந்த முறையால் பிடிபட்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். முந்தைய வாரம் வந்த ஒரு மெக்கானிக், போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டம்மாவுக்கு அது உறுத்தியிருக்கிறது. "அது வேலை செய்யுதே தம்பி, அடிக்கடி செய்யுது, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதுதான் சரியான தடயம்.

வெளியில் 1 டிகிரி, தூறல். நான் போனபோது யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, நடுநடுவே "டக் டக்" என்று ஒரு சத்தம். 38 நிமிடத்தில் டிஃப்ராஸ்ட் தொடங்கியது. சரியாக 10 நிமிடம் ஓடியது. அடுத்தது 36 நிமிடத்தில், மறுபடி 10 நிமிடம். அதாவது நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீட்டைச் சூடாக்காமல் தன்னையே சூடாக்கிக்கொண்டிருந்தது. டிஃப்ராஸ்ட் முடிந்ததும் எடுத்த படத்தில் மேலே முக்கால் பங்கு காயில் சுத்தம். கீழே மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு ஐஸ். வெள்ளையாக இல்லை, உள்ளே இருக்கும் ஃபின் தெரியும் அளவுக்குக் கண்ணாடி போல இருந்தது.

கண்ணாடி ஐஸ் என்றால் அது நீராவியிலிருந்து வந்ததல்ல, தண்ணீர் நின்று உறைந்தது. ஆகவே கேள்வி காயிலைப் பற்றியதல்ல, அந்த 60 லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது என்பது. குனிந்து டார்ச் அடித்தேன். யூனிட் சிமெண்ட் மேடையிலிருந்து நான்கு விரல் உயரத்தில்தான் நின்றது. ஓட்டை வழியாக வழிந்த தண்ணீர் மேடையில் தேங்கி உறைந்து, ஒவ்வொரு டிஃப்ராஸ்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளர்ந்து, கடைசியில் கீழிருந்தே வந்து ஓட்டையை அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் வெளியே போக வழியில்லை. அடித்தட்டு நிரம்பி உறைந்தது, காயிலின் கீழ்வரிசைகளையும் விழுங்கியது, ஃபேன் இறக்கையின் நுனி வரை போனது. "டக் டக்" அதுதான்.

பத்து நிமிடம் ஏன் என்பதும் இப்போது விளங்கும். முடிவு சொல்ல வேண்டிய சென்சார் அந்தக் கீழ்ப்பகுதிக் குழாயில் இருந்தது. அதைச் சுற்றிலும் ஐஸ். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் வரை அந்த இடம் 0 டிகிரியை விட்டு ஏறாது, எவ்வளவு சூடான கேஸை அனுப்பினாலும் வெப்பமெல்லாம் உருகுவதற்கே போய்விடும். போர்டு 12 டிகிரிக்காகக் காத்திருந்தது, கிடைக்கவில்லை, டைமர் வெட்டியது. அடைபட்ட கீழ்ப்பகுதி போக மிச்சமிருந்த காயிலே முழு வேலையும் செய்ததால், அது வழக்கத்தைவிடக் குளிர்ந்து சீக்கிரம் பனி பிடித்தது. 36 நிமிட இடைவெளியின் காரணம் அது. போர்டு பாவம், தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

யூனிட்டை அணைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஐஸைக் கரைத்தோம். சந்தேகம் தீர, இணைப்பைக் கழற்றி இரண்டு சென்சார்களையும் ஐஸ் தண்ணீர்க் குவளையில் ஒன்றாக வைத்து அளந்தேன். அந்த மாடலில் இரண்டுமே 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. 0 டிகிரியில் 32, 33 கிலோ ஓம் வர வேண்டும். இரண்டும் ஒத்து வந்தன. வேறு மாடல்களில் எண் வேறாக இருக்கும், அதற்கு அந்தந்த சர்வீஸ் கையேட்டைப் பார்க்க வேண்டும். மறுநாள் யூனிட்டை 30 சென்டிமீட்டர் உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் மேடையை உடைத்துச் சரளைக்கல் நிரப்பினோம், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று. அதே மாதிரித் தூறல் நாளில் மறுபடி பார்த்தபோது 70 நிமிடத்துக்கு ஒரு டிஃப்ராஸ்ட், 4 நிமிடத்தில் முடிந்தது.

இதே அறிகுறியை அடித்தட்டு ஹீட்டர் செயலிழந்தாலும் பார்க்கலாம். சில மாடல்களில் தட்டுக்குள் பாம்பு போல ஒரு ஹீட்டர் கம்பி ஓடும். இலைகள் ஓட்டையை அடைத்தாலும் இதே கதைதான். கூரையிலிருந்து யூனிட்டின் மேல் தண்ணீர் சொட்டினால் கண்ணாடி ஐஸ் மேலேயும் ஃபேன் கூண்டிலும் இருக்கும்.

ஐஸைக் கையால் எடுக்க வேண்டி வந்தால்

ஸ்க்ரூட்ரைவர், கத்தி, சுத்தியல் எதுவும் வேண்டாம். ஃபின்னுக்குப் பின்னால் இருக்கும் குழாயின் சுவர் மிக மெல்லியது. ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் கேஸ் முழுக்கப் போய்விடும். புதிய யூனிட்கள் பலவற்றில் இருப்பது R290, அதாவது புரோபேன். அது தீப்பற்றும் கேஸ் என்பதால் டார்ச் நெருப்பு, ஹீட் கன் பக்கமே போகக் கூடாது. உப்பும் கூடாது. அலுமினியத்தை அது தின்றுவிடும்.

மெயினை அணையுங்கள். ஃபேன் முழுதாக நிற்கட்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். மின்பெட்டி இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊற்றும் தண்ணீரும் வெளியேற வேண்டும், ஆகவே அடித்தட்டின் ஓட்டையை முதலில் திறந்துவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசாமல் சுற்றினால் மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். உரசிக்கொண்டே ஓடவிட்டால் இறக்கை உடையும், இல்லை மோட்டார் போகும்.

பனி விழாமல் இருக்கட்டும் என்று சிலர் யூனிட்டுக்குத் தார்ப்பாய் போர்த்திவிடுகிறார்கள். காற்றை அடைத்தால் காயில் மேலும் குளிரும், பனி மேலும் ஏறும். மேலே ஒரு சாய்வான தகரம் போதும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

இரண்டு படங்கள், டிஃப்ராஸ்ட் ஓடிய நிமிடம், இரண்டு டிஃப்ராஸ்ட்டுக்கு நடுவே உள்ள நிமிடம், அன்றைய வெளி வெப்பநிலை. மெக்கானிக்கைக் கூப்பிடும்போது இவற்றை அனுப்பிவிடுங்கள். மீட்டர் மாட்டும் முன்பே பாதி வேலை அவருக்கு முடிந்திருக்கும். ஒரே பட்டையில் பனி என்றால் கேஸ் அளக்கும் கருவியோடு வருவார், கீழே கண்ணாடி ஐஸ் என்றால் ஸ்டாண்டோடு வருவார்.